நான்காம் பொருளின்போது தலைவர் எங்கே இருந்தார்?

சென்னைப் புறநகரில் 64 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்கு நான் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் நான் எழுதிய நடவடிக்கைக் குறிப்புகளில் ஒன்று, நேர்மையாக நடந்துகொண்ட ஒரு மனிதரைச் சந்தேகத்துக்கு ஆளாக்கியது. அவர் எங்கள் சங்கத்தின் தலைவர். செயற்குழுக் கூட்டம் ஒன்றில், நிகழ்ச்சி நிரலின் ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் தலைமையிலிருந்து விலகினார். துணைத் தலைவர் அந்தப் பொருளை நடத்தி முடித்தார். விலகியதும் சரி, நடத்தியதும் சரி. நான் எழுதியதுதான் சரியில்லை. அந்தக் குறிப்பில் எவை விடுபட்டன, அதனால் என்ன விளைந்தது, பிறகு அதை எப்படித் திருத்தினோம் என்பதை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

எங்கள் செயற்குழுவில் ஒன்பது உறுப்பினர்கள். கோரம் என்று வழக்கில் சொல்லும் குறைவெண், அதாவது முடிவெடுக்கக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை, எங்கள் துணைவிதிகளின்படி ஐந்து. தலைவர் இல்லாதபோது துணைத் தலைவர் தலைமை வகிப்பார் என்றும், வாக்குகள் சமமாகப் பிரிந்தால் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் தம் வாக்கை அளித்து முடிவு செய்யலாம் என்றும் துணைவிதிகளில் இருந்தது. தலைவர் அறையில் இருந்துகொண்டே ஒரு பொருளுக்கு மட்டும் விலகினால் என்ன செய்வது என்பது பற்றி ஒரு சொல்கூட இல்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொண்ட சங்கங்களில் நான் பார்த்த துணைவிதிகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதிக்கொண்டவை ஆதலால், ஒன்றில் இல்லாதது மற்றவற்றிலும் இல்லை.

நான் சொல்லும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. தொடக்கத்தில் ஏழு பேர் வந்திருந்தார்கள். மூன்றாம் பொருள் முடிந்ததும் ஓர் உறுப்பினர் அனுமதி பெற்றுக்கொண்டு சென்றுவிட்டார். நான்காம் பொருள், கட்டடத்தின் வெளிச்சுவர்களுக்கு வர்ணம் பூசும் பணி. மூன்று நிறுவனங்களிடமிருந்து விலைப்புள்ளிகள் மூடிய உறைகளில் வந்திருந்தன. நான் பொருளின் தலைப்பைப் படித்தவுடன், உறைகளை எடுத்து மேசைமேல் வைப்பதற்கு முன்பே, தலைவர் பேசினார். அந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றில் தம் அக்காள் மகன் பங்குதாரர் என்றும், விலைப்புள்ளி கேட்டு அனுப்பிய கடிதத்தில் தாம் கையெழுத்திட்டபோது அந்த நிறுவனம் போட்டியிடும் என்று தமக்குத் தெரியாது என்றும், முந்தைய நாள் மாலைதான் அக்காள் வீட்டில் பேச்சுவாக்கில் அறிந்ததாகவும் சொன்னார். இந்தப் பொருளுக்குத் துணைத் தலைவரே தலைமை வகிக்கட்டும் என்று கூறிவிட்டு எழுந்து வெளியே போனார். சங்க அலுவலகத்தின் வெளித் திண்ணையில், காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ஐந்து பேர் இருந்தோம். துணைத் தலைவர் உறைகளைப் பிரித்தார். தொகைகள் 14,20,000 ரூபாய், 13,65,000 ரூபாய், 12,90,000 ரூபாய். கடைசித் தொகையைக் குறித்திருந்தது தலைவருடைய அக்காள் மகனின் நிறுவனம். அந்த விலைப்புள்ளியில் விரிசல் அடைப்பு வேலை தனியாகக் குறிக்கப்படவில்லை என்பதால் அதை ஏற்க வேண்டாம் என்று இருவர் சொன்னார்கள். விரிசல் அடைப்பும் அதே தொகையில் அடங்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று மற்ற இருவர் சொன்னார்கள்; அந்த இருவரில் நானும் ஒருவன். துணைத் தலைவர் முதலில் வாக்களிக்கவில்லை. ஆதரவாக இரண்டு, எதிராக இரண்டு என்று நின்றபோது, தலைமை வகிப்பவர் என்ற முறையில் அவர் ஆதரவாக வாக்களித்தார். பணி அந்த நிறுவனத்துக்குப் போயிற்று. தலைவரை உள்ளே அழைத்தோம். ஐந்தாம் பொருளிலிருந்து அவரே மீண்டும் நடத்தினார்.

இவ்வளவும் நடந்த கூட்டத்துக்கு நான் எழுதிய குறிப்பின் நான்காம் பத்தி இதுதான்:

"பொருள் 4: வெளிச்சுவர் வர்ணப்பூச்சு. மூன்று விலைப்புள்ளிகள் பரிசீலிக்கப்பட்டன. குறைந்த தொகை குறித்த நிறுவனத்துக்குப் பணியை வழங்கப் பெரும்பான்மையால் தீர்மானிக்கப்பட்டது. தலைவர் இல்லாததால் இப்பொருளுக்குத் துணைத் தலைவர் தலைமை வகித்தார்."

குறிப்பின் தலைப்பில் "தலைவர் தலைமையில் செயற்குழுக் கூட்டம் நடைபெற்றது" என்று இருந்தது. வருகைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. முடிவில் "தலைவர் நன்றி கூறக் கூட்டம் நிறைவுற்றது" என்று எழுதி, அவருடைய கையெழுத்தையே வாங்கியிருந்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்தேன். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. குறிப்பு உறுதி செய்யப்பட்டது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது நினைவில் இருந்ததால், எழுத்தில் இல்லாததை அவர்களே மனத்தில் நிரப்பிக்கொண்டார்கள். நடவடிக்கைக் குறிப்பில் விடுபடுவது பெரும்பாலும் இப்படித்தான் கண்ணுக்குத் தப்புகிறது. ஆகவே குறிப்பை உறுதி செய்யுமுன், அந்தக் கூட்டத்துக்கு வராத ஓர் உறுப்பினரிடம் கொடுத்து, நடந்ததை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்வது நல்லது என்று இன்று நினைக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் மேற்குச் சுவரில் வர்ணம் திட்டுத்திட்டாக உப்பியது. வீட்டு உரிமையாளர் ஒருவர் குறிப்பின் படியைக் கேட்டு வாங்கினார். அதற்குள் பணி செய்த நிறுவனத்தில் இருப்பவர் யார் என்பதும் குடியிருப்பில் பரவியிருந்தது. அந்த உரிமையாளர் பொதுக்குழுவில் எழுந்து கேட்ட கேள்விகள் கூர்மையானவை. தலைவர் இல்லை என்று நான்காம் பொருளில் இருக்கிறது, வருகைப் பட்டியலில் இருக்கிறார், முடிவில் நன்றியும் சொல்கிறார். அப்படியானால் அவர் எப்போது போனார், எப்போது வந்தார்? ஏன் போனார் என்று ஏன் எழுதவில்லை? பெரும்பான்மை என்றால் எத்தனைக்கு எத்தனை? வாக்கு சமமாக இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் முடிவு செய்த வாக்கு யாருடையது?

கடைசிக் கேள்வியில்தான் நான் எவ்வளவு பெரிய பிழை செய்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் தலைவர் என்று தலைப்பு சொல்கிறது. சமநிலையில் முடிவு செய்யும் வாக்கு தலைமை வகிப்பவருக்கு உரியது என்று துணைவிதி சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஒருவர், தன் அக்காள் மகனுக்குத் தலைவரே வாக்களித்துப் பணியைக் கொடுத்தார் என்ற முடிவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. "இல்லாததால்" என்ற ஒரு சொல் அதைத் தடுக்கவில்லை. மாறாக, உறவை மறைக்க எழுதிய சொல்லாக அது தோன்றியது. காரணத்தை எழுதாமல் விட்டது தலைவருடைய குடும்ப விஷயத்தைப் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம் என்ற தயக்கத்தால்தான். அவருக்கு நான் செய்த மரியாதை என்று எண்ணியிருந்தது, அவர் வெளிப்படையாகச் சொன்னதையே அழித்துவிட்டது.

விலகல் என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நிலைகள்

இதைத் திருத்துவதற்கு முன், பிற அமைப்புகளில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு பொருளுக்குத் தலைவர் இறங்குவதும் துணைத் தலைவர் ஏறுவதும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் தோன்றினாலும், இறங்கியவர் அதன்பின் என்ன செய்யலாம் என்பது காரணத்தைப் பொறுத்து அடியோடு மாறுகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தமிழ்நாட்டினர் பலரும் செய்திகளில் கண்ட எடுத்துக்காட்டு சட்டப்பேரவையில் இருக்கிறது. 2017 மார்ச் 23 அன்று, பேரவைத் தலைவர் ப. தனபாலை நீக்கக் கோரும் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, அவர் இருக்கையிலிருந்து இறங்கினார். துணைத் தலைவர் பொள்ளாச்சி ஜெயராமன் அவையை நடத்தினார். ஆதரவாக 97, எதிராக 122 வாக்குகள் விழுந்து தீர்மானம் தோற்றது. 2025 மார்ச் 17 அன்று பேரவைத் தலைவர் மு. அப்பாவு மீது வந்த தீர்மானத்தின்போதும் இதுவே நடந்தது. துணைத் தலைவர் கு. பிச்சாண்டி நடத்த, ஆதரவாக 63, எதிராக 154 வாக்குகளுடன் அதுவும் தோற்றது. ஆட்சியில் இருந்த கட்சிகள் வேறு. நடந்த முறை ஒன்றுதான். ஏனெனில் இது அரசியலமைப்பின் 181-ஆம் உறுப்பு விதிக்கும் கட்டாயம். தம்மை நீக்கும் தீர்மானம் ஆய்வில் இருக்கும்போது பேரவைத் தலைவர் அவையில் இருந்தாலும் தலைமை வகிக்கக் கூடாது என்று அது சொல்கிறது.

அதே உறுப்பின் இரண்டாம் பகுதி அந்த நேரத்தில் அவருக்கு உள்ள உரிமைகளையும் வரையறுக்கிறது. அவர் அவையில் இருக்கலாம், பேசலாம், முதல் சுற்றிலேயே ஓர் உறுப்பினரைப் போல வாக்களிக்கலாம். வாக்குகள் சமமானால் முடிவு செய்யும் வாக்கு மட்டும் அவருக்கு இல்லை. குற்றச்சாட்டு அவர்மீது இருக்கும்போது பதில் சொல்லும் வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது என்பது இதன் அடிப்படை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நிறுவனங்களில் நிலை வேறு. இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கான செயலகத் தரநிலை ஒன்று, 2015 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளில் தலைவருக்கே சொந்த நலன் இருந்தால், கூட்டத்தில் இருக்கும் இயக்குநர்களில் பெரும்பான்மையோர் இசைவுடன், அத்தகைய நலன் இல்லாத ஓர் இயக்குநரிடம் நடத்தும் பொறுப்பை ஒப்படைத்து, அந்தப் பொருள் முடிந்தபின் தலைமைக்குத் திரும்ப வேண்டும் என்று அது சொல்கிறது. நலன் உள்ள இயக்குநர் விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை, வாக்களிக்கவில்லை என்பதைக் குறிப்பில் எழுதவும் வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு மட்டும், நலனை வெளிப்படுத்திவிட்டுத் தலைவர் தொடரலாம் என்ற விலக்கு உண்டு. இங்கே காரணம் குற்றச்சாட்டு அன்று, ஆதாயம். ஆகவே பேசும் உரிமையும் சேர்ந்தே போகிறது.

பேரவையில் இறங்கியவர் பேசலாம். நிறுவனத்தில் இறங்கியவர் பேசக் கூடாது. "துணைத் தலைவர் தலைமை வகித்தார்" என்று மட்டும் எழுதினால், இறங்கியவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று படிப்பவருக்குத் தெரியாது. காரணத்தை எழுதச் சொல்வது இதற்காகத்தான். காரணம் தெரிந்தால்தான், அவர் அறையில் இருந்திருக்கலாமா, பேசியிருக்கலாமா, வாக்களித்திருக்கலாமா என்று பின்னாளில் ஒருவர் சரிபார்க்க முடியும்.

எங்கள் சங்கம் நிறுவனம் அன்று. அந்தத் தரநிலை எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் துணைவிதி பேசாமல் இருக்கும் இடத்தில், ஆதாயம் தொடர்பான விலகலுக்கு அந்த முறையே பொருத்தமான அளவுகோல் என்று முடிவு செய்தோம்.

திருத்தம் எழுதிய விதம்

உறுதி செய்யப்பட்ட குறிப்பை அடித்துத் திருத்தக் கூடாது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டிவிடலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். பொதுக்குழுவில் கேள்வி எழுப்பிய உரிமையாளரிடம் பழைய பக்கத்தின் படி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இல்லாத குற்றம் ஒன்றை நாங்களே உண்டாக்கியிருப்போம். எனவே அடுத்த செயற்குழுவின் நிகழ்ச்சி நிரலில் "முந்தைய கூட்டக் குறிப்பின் நான்காம் பொருளுக்குத் திருத்தக் குறிப்பு" என்று தனிப் பொருளாகச் சேர்த்தோம். பழைய பத்தி அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் திருத்தம் இருக்கும் பக்க எண்ணையும் நாளையும் மட்டும் எழுதினேன்.

அந்தத் திருத்தப் பொருளுக்கு யார் தலைமை வகிப்பது என்ற கேள்வியை எங்கள் பொருளாளர் எழுப்பினார். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பழைய ஒப்பந்தத்தைப் பற்றி மறுபடியும் முடிவெடுக்கப் போவதில்லை என்றாலும், தலைவர் எங்கே இருந்தார், எப்போது போனார் என்பதைத்தான் குழு உறுதி செய்யப் போகிறது. அதை அவரே தலைமையில் இருந்து உறுதி செய்வது பொருந்தாது. ஆகவே அந்தப் பொருளுக்கும் அவர் இறங்கினார். இம்முறை அறையை விட்டுப் போகவில்லை. கேட்டால் பதில் சொல்வதற்காக ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தார், வாக்களிக்கவில்லை. முதல் விலகலில் வெளியேறியதும் இரண்டாம் விலகலில் உள்ளே இருந்ததும் இரண்டுமே முறையானவை. எது நடந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரங்களை எப்படி உறுதி செய்வது என்பது அடுத்த சிக்கல். கூட்டத்தில் கைக்குறிப்பு எடுக்கும் என் நோட்டில், நான்காம் பொருளுக்கு எதிரே 11.40 என்று எழுதியிருந்தேன். ஐந்தாம் பொருளுக்கு எதிரே 12.05. செயற்குழுவின் வாட்ஸ்அப் குழுவில், அன்று வராத ஓர் உறுப்பினர் கேட்டதற்குப் பதிலாக, தலைவர் வெளியே இருக்கிறார், உறைகளைப் பிரிக்கிறோம் என்று பொருளாளர் 11.43-க்கு எழுதிய செய்தி கிடைத்தது. இவை இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் தலைவர் எந்தக் கணத்தில் திரும்பினார் என்பதில் ஒருமித்த நினைவு இல்லை. துணைத் தலைவர் முடிவை அறிவித்த பிறகுதான் அழைத்தோம் என்று மூவர் சொன்னார்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்து, அறிவிப்பதற்கு முன்பே அவர் கதவருகே வந்து நின்றார் என்று எதிர்த்து வாக்களித்த இருவரும் சொன்னார்கள். இதைப் பேசித் தீர்த்து ஒரே வாக்கியமாக்க முயலவில்லை. வாக்களிப்பு முடியும் வரை அவர் அறையில் இல்லை என்பதில் ஐவரும் உடன்பட்டார்கள். அதை உறுதியாக எழுதினோம். அறிவிப்பு நேரத்தில் அவர் இருந்தாரா என்பதில் நினைவுகள் வேறுபடுகின்றன என்பதையும் அப்படியே எழுதினோம்.

திருத்தக் குறிப்பில் ஏற்கப்பட்ட வாசகம்:

"பொருள் 4 எடுத்துக்கொள்ளப்பட்டதும், விலைப்புள்ளி உறைகள் பிரிக்கப்படுவதற்கு முன், விலைப்புள்ளி அளித்துள்ள நிறுவனங்களுள் ஒன்றில் தம் அக்காள் மகன் பங்குதாரராக இருப்பதாகத் தலைவர் தெரிவித்தார். விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் தாம் கையெழுத்திட்டபோது இது தமக்குத் தெரியாது என்றும் கூறினார். இக்காரணத்தால் இப்பொருளுக்குத் தலைமை வகிப்பதிலிருந்தும் விவாதத்திலிருந்தும் வாக்களிப்பிலிருந்தும் விலகுவதாகக் கூறி, முற்பகல் 11.40 மணியளவில் அறையை விட்டு வெளியேறினார். துணைத் தலைவர் தலைமை ஏற்றார். தலைவர் நீங்கலாக ஐந்து உறுப்பினர்கள் இருந்தனர், குறைவெண் இருந்தது. 12,90,000 ரூபாய் குறித்த நிறுவனத்துக்கு, விரிசல் அடைப்பும் அத்தொகையில் அடங்கும் என எழுத்தில் பெற்றுக்கொண்டு பணியை வழங்கலாம் என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக இருவரும் எதிராக இருவரும் வாக்களித்தனர். வாக்குகள் சமமானதால், தலைமை வகித்த துணைத் தலைவர் துணைவிதிகளின்படி ஆதரவாக வாக்களித்தார், தீர்மானம் நிறைவேறியது. வாக்களிப்பு முடியும் வரை தலைவர் அறையில் இல்லை. முடிவு அறிவிக்கப்பட்டபோது அவர் இருந்தாரா என்பதில் உறுப்பினர்களின் நினைவுகள் வேறுபடுகின்றன. நண்பகல் 12.05 மணியளவில், பொருள் 5 முதல் தலைவர் மீண்டும் தலைமை வகித்தார்."

இதில் நாங்கள் நீண்ட நேரம் பேசி முடிவு செய்த சொற்கள் சில உண்டு. "தெரிவித்தார்", "கூறினார்" என்று அவர் வாக்காக எழுதியிருக்கிறோமே தவிர, அவருக்குத் தெரியாது என்று குழுவே சான்றளிக்கவில்லை. கடிதத்தில் அவர் கையெழுத்து இருப்பது உண்மை. அதற்கு அவர் தந்த விளக்கமும் அன்று சொல்லப்பட்டது உண்மை. அந்த விளக்கம் மெய்யா என்று தீர்ப்பது குறிப்பின் வேலை இல்லை. ஒரு பொருளின்போது விலகுவது அதற்கு முந்தைய கட்டங்களில் இருந்த தொடர்பைத் துடைத்துவிடாது என்பதால்தான், கடிதத்தைப் பற்றிய வரியை நீக்கலாம் என்று வந்த யோசனையை நாங்கள் ஏற்கவில்லை.

"அக்காள் மகன்" என்று உறவை எழுதியதும் விவாதத்துக்குப் பிறகுதான். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதலாம் என்றார் ஒருவர். அந்தத் தொடர் உடல்நலக் குறைவுக்கும் பொருந்தும், வீட்டில் விருந்தாளி வந்ததற்கும் பொருந்தும். "உறவினர்" என்றால் போதுமே என்றார் மற்றொருவர். ஆனால் தூரத்து உறவுக்கும் உடன்பிறந்தவர் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு, விலகல் தேவையா என்று எடைபோடுகிறவருக்கு முக்கியம். உறவும், நிறுவனத்தில் அவர் வகிக்கும் நிலையும் போதும் என்று நிறுத்திக்கொண்டோம். அவர் பெயரையோ அவருடைய பங்கின் அளவையோ எழுதவில்லை. தலைவர் தாமாகச் சொல்லாத எதையும் காரணப் பகுதியில் சேர்க்கவும் இல்லை. ஒருவேளை காரணம் சொல்ல விரும்பவில்லை என்று ஒரு தலைவர் கூறினால், அதையே எழுத வேண்டும். செயலாளர் தம் ஊகத்தை அங்கே நிரப்பக் கூடாது.

குறைவெண் பற்றிய வரி மிகச் சிறியது. ஆனால் அது இல்லாவிட்டால் தீர்மானமே கேள்விக்குள்ளாகும். வருகைப் பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்ததால் குறைவெண்ணைப் பற்றி நான் முதலில் நினைக்கவே இல்லை. ஒருவர் முன்னரே போய்விட்டார், தலைவர் வெளியே. எஞ்சியது சரியாக ஐந்து. இன்னொருவர் தொலைபேசி அழைப்புக்காக ஐந்து நிமிடம் எழுந்து போயிருந்தால்கூட அந்த நேரத்தில் முடிவெடுக்கும் தகுதி எங்களுக்கு இருந்திருக்காது. விலகியவரையும் சேர்த்து எண்ணலாமா என்பதைத் துணைவிதி தெளிவாகச் சொல்லாவிட்டால், அவரை விட்டுவிட்டு எண்ணுவதே பாதுகாப்பானது. எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பொருளை ஒத்திவைத்துவிட்டு, மற்றவற்றைத் தலைவர் திரும்பி வந்து நடத்தலாம்.

கையெழுத்தையும் சொல்ல வேண்டும். முழுக் குறிப்பிலும் தலைவர் மட்டுமே கையெழுத்திடும்போது, தாம் பார்க்காத நான்காம் பொருளுக்கும் அவரே சான்று சொல்வதுபோல் ஆகிறது. எங்கள் துணைவிதி வேறெதையும் கேட்கவில்லை. ஆயினும் அன்று முதல், துணைத் தலைவர் நடத்திய பத்தியின் ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பத்தையும் பெறுவது என்று வழக்கமாக்கிக்கொண்டோம். தலைவர் இறுதியில் இடும் கையெழுத்து குறிப்பு முழுவதற்கும் உரியது. ஓர ஒப்பம் அந்தப் பொருளை நேரில் கண்டு நடத்தியவருடையது.

திருத்தக் குறிப்பை அடுத்த பொதுக்குழுவில் முழுமையாகப் படித்தேன். கேள்வி எழுப்பிய உரிமையாளர் அதை எழுத்தாகவும் வாங்கிப் படித்தார். முடிவு செய்த வாக்கு துணைத் தலைவருடையது என்பது தமக்குப் போதும் என்றார். ஆனால் விரிசல் அடைப்பை எழுத்தில் பெற்றுக்கொள்ளச் சொன்ன தீர்மானம், என் முதல் குறிப்பில் இல்லாததால், அந்தக் கடிதம் வாங்கப்பட்டதா என்று ஒருவரும் பின்தொடரவில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். அது உண்மை. கடிதம் வாங்கப்படவில்லை. தலைவர் விலகியதைச் சரியாக எழுதாத அதே பத்தியில், குழு விதித்த நிபந்தனையையும் நான் விட்டிருந்தேன். சுவர் உப்பியதற்கு அதுதான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நிறுவனத்திடம் கேட்கும் உரிமையை எங்கள் கையில் வைத்திருந்த ஒரே காகிதம் அதுவாக இருந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து இதைச் சொன்னேன். பிழை செயலாளருடையது என்று குறிப்பிலும் எழுதினேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, தலைவருடைய வீட்டு எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட வாகன நிறுத்துமிடத்தை மாற்றித் தரக் கோரும் விண்ணப்பம் செயற்குழுவுக்கு வந்தது. அந்தப் பொருளின் குறிப்பைக் கூட்டம் நடக்கும்போதே, அவர் எழுந்த கணத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். "விண்ணப்பம் தம்முடையது என்பதால் தலைவர் 10.52-க்கு விலகி, கேட்டால் விளக்கம் தருவதற்காக அறையிலேயே உறுப்பினர் வரிசையில் அமர்ந்தார், துணைத் தலைவர் தலைமை ஏற்றார், தலைவர் நீங்கலாக அறுவர் இருந்தனர்" என்று எழுதி முடித்த பிறகுதான் விண்ணப்பத்தைப் படித்தேன்.